இரவு ஒன்பது மணிக் குளிசை

அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே உள்ள கொட்டகலையில் மாலை ஆறு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடுவது உண்டு. வைத்தியசாலைக்கு நோயாளரைப் பார்க்க வந்தவர்கள் பஸ்ஸைப் பிடித்துத் தத்தம் தோட்டத்து லயங்களுக்குத் திரும்பிவிடுகின்றனர். வாட்டில் எஞ்சியிருப்போர் நோயாளரும், ஒரு சில துணையாட்களும், இராக்கடமைத் தாதிமாரும் மட்டுமே. மணி ஒன்பது அடிக்கும் வேளையில் மருந்துத் தட்டு கட்டில் கட்டிலாக வருகிறது. பிரஷருக்கு ஒன்று, நெஞ்சுச் சளிக்கு ஒன்று, அவற்றோடு சிறிய வெள்ளைக் குளிசை ஒன்றும் உள்ளங்கையில் வைக்கப்படுகிறது. "இது நித்திரைக்கு" என்று சொல்லப்படுகிறது. நோயாளியும் மறுபேச்சின்றி விழுங்கிவிடுகிறார்.

இந்த வழக்கம் மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. எந்த ஒரு வைத்தியசாலையின் தனிக் குறையும் அன்று. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் சென்னையிலும் இதே வேளையில் இதே குளிசை இதே போலக் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. எனினும், அந்தக் குளிசையை வாங்குமுன் ஒரு கேள்வி கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம் என்பதை நம்மில் பலர் அறியார். ஏன் கேட்க வேண்டும், எவ்வாறு கேட்க வேண்டும், எப்போது கேளாமல் விழுங்கியே ஆக வேண்டும் என்பவற்றை முறையாகக் காண்போம்.

முதலில் இக்குளிசையின் வரலாற்றைச் சிறிது அறிந்து கொள்ளுதல் நலம். 1903-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பார்பிட்டல் என்னும் நித்திரை மருந்து அறிமுகமாயிற்று. அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளே அரை நூற்றாண்டு காலம் வைத்தியசாலைகளில் ஆட்சி செய்தன. அளவு சற்று மிகுந்தால் மூச்சையே நிறுத்திவிடும் தன்மை அவற்றுக்கு இருந்தது. 1960-இல் குளோர்டயசிபொக்சைட் என்ற புதிய இன மருந்தும், 1963-இல் அதன் தம்பியான டயசிபாமும் விற்பனைக்கு வந்தபோது, இவை பழையவற்றைப் போல எளிதில் உயிர் குடிப்பன அல்ல என்று டாக்டர்கள் நிம்மதி அடைந்தனர். அந்த நிம்மதியே ஒரு வழக்கமாக உறைந்து போயிற்று. "ஆபத்தில்லாத மருந்துதானே, எல்லாருக்கும் கொடுத்தால் வாட்டு அமைதியாக இருக்கும்" என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. இன்றும் வாட்டுகளில் தரப்படும் நித்திரைக் குளிசை பெரும்பாலும் டயசிபாமின் இனத்தைச் சேர்ந்ததாகவோ, சொல்பிடெம் போன்ற பிற்கால மருந்தாகவோ, சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படுகிற, பிரிட்டன் என்று மக்கள் அறிந்த குளோர்பெனிரமினாகவோ இருக்கும்.

இக்குளிசை தரும் நன்மை எவ்வளவு? அறுபது வயதைக் கடந்தவர்களிடம் நடத்தப்பட்ட 24 ஆய்வுகளை ஒன்று சேர்த்துக் கணக்கிட்ட கட்டுரை ஒன்று 2005-இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது. நித்திரைக் குளிசை உண்டவர்கள், வெறும் மாவுக் குளிசை உண்டவர்களைவிட ஓர் இரவில் சராசரியாக ஏறத்தாழ 25 நிமிடமே அதிகமாக உறங்கினார்கள். பதின்மூவர் உண்டால் அவருள் ஒருவருக்கு நல்ல உறக்கம் கிடைத்தது. ஆனால் அறுவர் உண்டால் அவருள் ஒருவருக்கு ஏதேனும் ஒரு தீங்கு நேர்ந்தது. அதாவது, முதியவர் விடயத்தில் நன்மையைவிடத் தீமையே இருமடங்கு எளிதாக வந்து சேர்கிறது. எல்லாத் தீங்கும் பெருந்தீங்கு அல்ல. தலைச்சுற்றலும் பகல் மயக்கமும் அவற்றுள் அடங்கும். ஆயினும் 25 நிமிட உறக்கத்துக்கு இந்த விலையைக் கொடுக்க வேண்டுமா என்று எண்ணிப் பார்க்க இடமுண்டு.

தீங்கு எவ்வாறு விளைகிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவரை எண்ணிக் கொள்ளுங்கள். வயது 74, எடை 42 கிலோ. நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் கண்டு வாட்டில் சேர்க்கப்படுகிறார். முதல் இரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. எதிர்க்கட்டிலில் ஒருவர் முனகுகிறார்; விளக்கு எரிந்தபடியே இருக்கிறது; இருமல் விடவில்லை. இடம் புதிது, பேச்சுத் துணை இல்லை. எழுந்து உட்கார்ந்து மகளைக் கூப்பிடுகிறார். மற்ற நோயாளர் விழித்துக் கொள்கின்றனர். அவரை அமைதிப்படுத்த 5 மில்லிகிராம் டயசிபாம் தரப்படுகிறது. அவர் உறங்குகிறார். மறுநாள் குறிப்பேட்டில் அதே மருந்து "ஒவ்வோர் இரவும்" என்று எழுதப்படுகிறது.

இங்கேதான் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. உடல் ஒரு மருந்தில் பாதியை வெளியேற்ற எடுத்துக் கொள்ளும் நேரத்தை அம்மருந்தின் அரைவாழ்வுக் காலம் என்பர். டயசிபாமைப் பொறுத்தவரை இக்காலம் வயதோடு நீண்டு செல்கிறது என்பதை 1975-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது. இருபது வயது இளைஞனின் உடலில் அது ஏறத்தாழ 20 மணி நேரம். எண்பது வயதினரிடமோ ஏறத்தாழ 90 மணி நேரம். வயது எத்தனையோ ஏறத்தாழ அத்தனை மணி நேரம் என்று நினைவில் வைத்துக் கொள்ளலாம். டயசிபாம் கொழுப்பில் கரைந்து தங்கும் மருந்து. முதுமையில் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால், அது போய் ஒளிந்து கொள்ள இடமும் கூடுகிறது.

நமது மூதாட்டிக்கு அரைவாழ்வுக் காலம் மூன்று நாள் என்று கொள்வோம். முதல் இரவு உண்ட 5 மில்லிகிராமில் மறுநாள் இரவு குளிசை வரும் வேளையில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் உடலிலேயே இருக்கிறது. இரண்டாவது குளிசையோடு அது 9 ஆகிறது. மூன்றாம் இரவு 12. நான்காம் இரவு 14-க்கும் மேல். ஐந்தாம் இரவு ஏறத்தாழ 16½ மில்லிகிராம். தாதி கொடுத்ததோ ஒவ்வோர் இரவும் ஒரே ஒரு குளிசை. ஆனால் ஐந்தாம் இரவில் மூதாட்டியின் உடலில் இருப்பது மூன்று குளிசைக்கும் அதிகம். ஈரல் இம்மருந்தை உடைக்கும்போது பிறக்கும் துணைப்பொருள் ஒன்றும் அதே போல மயக்கம் தருவது. அதை இக்கணக்கில் சேர்க்கவே இல்லை. முதல் இரவில் நன்மை செய்ததாகத் தோன்றிய குளிசை, நான்காம் நாளில் தீங்கு செய்யத் தொடங்குவதன் மர்மம் இதுவே. அதற்குள் குற்றவாளி யார் என்பது எல்லாருக்கும் மறந்து போயிருக்கும்.

இனி அந்தத் தீங்குகளைப் பார்ப்போம். முதலாவது, விழுதல். இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும் மூதாட்டியின் கால்கள் அவர் சொற்படி கேளா. மலைநாட்டுக் குளிரில் சில்லிட்ட தரை, மங்கிய வெளிச்சம், தூரத்தில் கழிப்பறை. விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்; அதன்பின் அவர் மீண்டும் லயத்துப் படிகளை ஏறுவது அரிது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் என்ற பெரிய வைத்தியசாலை இதைத் தன் நோயாளரிடமே அளந்து பார்த்து 2013-இல் வெளியிட்டது. தேவையானால் தரலாம் என்று சொல்பிடெம் எழுதப்பட்ட நோயாளருள், அதை உண்மையில் உண்டவர்களில் 100-க்கு மூவர் விழுந்தனர். உண்ணாதவர்களில் 100-க்கு ஒருவர்கூட விழவில்லை. அம்மருந்தைப் பெறும் ஒவ்வொரு 55 நோயாளருக்கும் ஒருவர் கூடுதலாக விழுகிறார் என்று அவர்கள் கணக்கிட்டனர். சொல்பிடெம் டயசிபாமைப் போல நாட்கணக்கில் தங்குவதன்று. சில மணி நேரத்தில் கழிந்துவிடுவது. அப்படிப்பட்ட குறுங்கால மருந்தே இவ்வாறு செய்கிறது. அந்த வைத்தியசாலை இவ்வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிட்டு, மருந்தில்லாத உறக்க முறைகளை நாடியது.

இரண்டாவது தீங்கு மூச்சைப் பற்றியது. லயத்தின் சிறிய காம்பராவில் விறகடுப்புப் புகையை வாழ்நாளெல்லாம் சுவாசித்தவரின் நெஞ்சு ஏற்கெனவே களைத்திருக்கும். புகைத்துப் பழகிய ஆண்களுக்கும் அவ்வாறே. நித்திரைக் குளிசை மூச்செடுக்கத் தூண்டும் மூளைப் பகுதியை மந்தமாக்குகிறது. இருமிச் சளியை வெளியேற்றும் வலுவையும் குறைக்கிறது. மோர்பின், கோடீன், டிரமடோல் ஆகிய நோவு மருந்துகளில் ஒன்றோடு சேர்ந்தால் ஆபத்துப் பன்மடங்காகிறது. இவ்விரண்டும் சேர்தல் உயிருக்கு உலை வைக்கக் கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் 2016-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துறைகளில் அச்சிடச் செய்தது. உரத்த குறட்டையோடு, இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பவர்களும் இக்குளிசைக்கு அஞ்ச வேண்டியவர்களே.

மூன்றாவது தீங்கே உறவினர் அதிகம் அறிந்திருக்க வேண்டியது. அதுவே மிகவும் தவறவிடப்படுவதும் ஆகும். நோயின் போது முதியவர்களுக்குத் திடீரென்று அறிவு குழம்பும். இதைச் சித்தப்பிரமை என்றும் சன்னி என்றும் முன்னோர் குறித்தனர். காய்ச்சலும் நோவும் நீர் வற்றலும் அதை உண்டாக்கும். நித்திரைக் குளிசை அதைத் தூண்டும், வளர்க்கும். குளோர்பெனிரமினும் இவ்விடயத்தில் அப்பாவி அன்று. அது வாயை வறளச் செய்து, சிறுநீரை அடைத்து, அறிவையும் மங்கச் செய்யும். முதியவர்க்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் எவை என்று மார்க் பியர்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1991-இல் தொகுத்த பட்டியல் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு வருகிறது. டயசிபாமின் இனமும், சொல்பிடெமும், குளோர்பெனிரமினும் அதில் இடம் பெற்றுள்ளன.

சன்னி கண்டவர் கூச்சலிட்டுக் குதிப்பார் என்றே பலர் எண்ணுகின்றனர். எப்போதும் அப்படியன்று. சிலர் அமைதியாகக் கிடப்பார். நமது மூதாட்டி நான்காம் நாள் பகலில் கண் திறவாமல் படுத்திருக்கிறார். சோற்றைக் கையில் எடுத்தவர் வாய்க்குக் கொண்டு போக மறந்துவிடுகிறார். என்றோ மறைந்த கணவரை ஒரு முறை கூப்பிடுகிறார். விரல்கள் போர்வையைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கின்றன, கொழுந்து பறிப்பது போல. "பாவம், களைப்பில் உறங்குகிறார்" என்று பார்ப்பவர் கடந்து போகின்றனர். உண்மையில் போர்வையை இவ்வாறு கிள்ளுவதும், ஒரு நாளுக்குள்ளேயே தெளிவும் மயக்கமும் மாறி மாறி வருவதும், சொன்னதைத் தொடர்ந்து கவனிக்க இயலாமையும் சன்னியின் அடையாளங்கள். முதுமை மறதி மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல வருவது. சன்னியோ நேற்றுவரை நன்றாயிருந்தவரிடம் இன்று வருவது. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

இதைச் சோதித்து அறிய எளிய வழி ஒன்றுண்டு. கிழமைகளின் பெயரைச் சனி, வெள்ளி, வியாழன் என்று பின்னோக்கிச் சொல்லும்படி கேட்க வேண்டும். எழுத்தறியாதவரும் கிழமைகளை அறிவர். இடையில் நின்று போனாலும், எதைச் சொல்லத் தொடங்கினோம் என்பதே மறந்து போனாலும் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையை நோயாளியின் தாய்மொழியிலேயே செய்ய வேண்டும். மலைநாட்டில் இது சிறு விடயமன்று. வாட்டில் கடமை பார்ப்பவர் தமிழ் அறியாதவராய் இருந்தால், மூதாட்டி விடை சொல்லாதது மொழி புரியாமையால் என்றே அவர் கருதிவிடக் கூடும். "அம்மா இப்படிப்பட்டவர் அல்லர், முந்தாநாள் வரை தோட்டத்துக் கணக்கெல்லாம் சொன்னவர்" என்று மகள் கூறும் ஒரு வாக்கியம், அவ்வேளையில் எந்தப் பரிசோதனையையும்விடப் பெறுமதி வாய்ந்தது. அதை டாக்டரிடம் உடனே கூறிவிட வேண்டும். எந்த நாளிலிருந்து மாற்றம் கண்டது என்பதையும், இரவில் என்ன குளிசை தரப்பட்டது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

அப்படியானால் உறக்கம் வராத நோயாளியை விழித்திருக்கவே விட்டுவிடுவதா? அன்று. உறக்கமின்மை ஒரு நோயாக அல்லாமல், வேறொன்றின் அறிகுறியாகவே பெரும்பாலும் வாட்டில் தோன்றுகிறது. ஆதலின் முதற் கேள்வி, "ஏன் உறங்கவில்லை?" என்பதாக இருக்க வேண்டும். நோவு அடங்கவில்லையானால் தேவைப்படுவது நோவு மருந்து. மூச்சுத் திணறினால் தலையணையை உயர்த்தி டாக்டரை அழைக்க வேண்டும். சிறுநீர் அடைத்து வயிறு கனத்திருக்கலாம், மலச்சிக்கல் வருத்தலாம். சிறுநீரை வெளியேற்றும் பியூரோசமைட் என்ற மருந்தை மாலையில் உண்டவர் இரவெல்லாம் எழ நேரும். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் மருந்தை மாலையில் உண்டவருக்கும் கண் மூடாது. இவற்றைக் காலைக்கு மாற்ற இயலுமா என்று கேட்கலாம், பெரும்பாலும் இயலும்.

நம் நாட்டுக்கு மிகவும் உரிய காரணம் ஒன்று, தேயிலை. வெறும் தேநீரும் பால் தேநீரும் நாளொன்றுக்குப் பல முறை பருகிப் பழகிய மக்கள் நாம். தேநீரில் உள்ள கபீனில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செல்கிறது. முதியவர்க்கும் ஈரல் நோயாளர்க்கும் இன்னும் நீளும். வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவந்து இரவு ஏழு மணிக்கு அன்போடு ஊற்றிக் கொடுக்கும் சாயம், ஒன்பது மணிக்கு நித்திரைக் குளிசையைக் கேட்க வைக்கிறது. பிற்பகலுக்குப் பின் தேநீருக்குப் பதிலாகச் சூடான பாலோ, மல்லிக் கஷாயமோ கொடுத்தால் போதும்.

இது பாட்டி வைத்தியம் அன்று. அமெரிக்காவில் ஷரன் இனூயே என்ற முதியோர் மருத்துவரும் அவருடைய தோழர்களும் இதை முறையாகச் சோதித்தனர். குளிசை கேட்ட முதிய நோயாளருக்குத் தாதிமார் முதலில் மூன்று காரியங்களைச் செய்தனர்: சூடான பாலோ மூலிகைப் பானமோ ஒரு கோப்பை, முதுகை மெல்லத் தடவிவிடல், அமைதியான இசை. இவை பயனளிக்காவிட்டால் மட்டுமே குளிசை. 1998-இல் வெளிவந்த முடிவின்படி, முன்பு 100-க்கு 54 பேர் உண்ட நித்திரைக் குளிசையைப் பின்னர் 31 பேரே உண்டனர். இரவில் ஓசையையும், காரணமின்றி எழுப்புதலையும் குறைப்பதோடு, பகலில் எழுப்பி நடக்க வைத்தல், கண்ணாடியும் காதுக் கருவியும் அணிவித்தல், நீர் பருகச் செய்தல் முதலியவற்றையும் சேர்த்து 1999-இல் அவர்கள் வெளியிட்ட மற்றொரு பெரிய ஆய்வில், வழமையான பராமரிப்பில் 100-க்கு 15 பேருக்கு வந்த சன்னி, இம்முறையில் 10 பேருக்கே வந்தது. ஓசையின் தீங்கை 1859-இலேயே புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் தம் தாதிமைக் குறிப்புகளில் தனி அத்தியாயமாக எழுதி வைத்தார் என்பதையும் இங்கே நினைவு கூரலாம்.

இவற்றுள் பலவற்றைச் செய்யத் துணையாக இருக்கும் உறவினரே ஏற்றவர். பகலில் படுக்கையில் கிடக்க விடாமல், டாக்டர் அனுமதித்தால், நாற்காலியில் அமர்த்திச் சன்னல் வெளிச்சம் படச் செய்யலாம். பாதங்களுக்குக் காலுறை, தோளுக்குக் கம்பளி. மலைக்குளிரில் பாதம் சில்லிட்டிருந்தால் உறக்கம் எட்டிப் பாராது. படுக்குமுன் கழிப்பறைக்கு அழைத்துச் சென்று வர வேண்டும். நோயாளி கண்விழித்தால் காணக்கூடிய இடத்தில் தமிழ் நாட்காட்டி ஒன்றும் அறிமுகமான போர்வை ஒன்றும் இருப்பது நன்று.

அடுத்து, கேட்கும் முறை. வாட்டிலே நாற்பது பேரைக் கவனிக்கும் தாதியிடம் சண்டையிடுவதால் பயனில்லை. "மிஸ்ஸி, இது என்ன குளிசை? அம்மாவுக்கு நித்திரைக் குளிசை வேண்டாம் என்று நினைக்கிறோம். டொக்டர் ஐயாவிடம் ஒருக்கால் சொல்லிவிடுங்கள்" என்று பணிவாகக் கூறினால் போதும். இரவில் கூறுவதைவிட, காலையில் டாக்டர் கட்டில் கட்டிலாக வரும் வேளையில் கூறுவது சிறந்தது. அப்போது அவர் தலைமாட்டுக் குறிப்பேட்டிலேயே அதை எழுதிவிடலாம். சித்தம் தெளிந்த எந்த நோயாளியும் ஒரு மருந்தை வேண்டாம் என்று சொல்ல உரிமை உடையவர். அவ்வாறு சொன்னதற்காக மற்றைய சிகிச்சை மறுக்கப்படுதல் முறையன்று.

இங்கே இரண்டு சொற்களை அறிந்திருத்தல் பயன் தரும். குறிப்பேட்டில் மருந்தின் பக்கத்தில் "நொக்டே" என்று எழுதியிருந்தால், ஒவ்வோர் இரவும் என்று பொருள். "எஸ். ஓ. எஸ்." என்றிருந்தால், தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள். முதல் வகைக் கட்டளை, யாரேனும் ஒருவர் வெட்டும் வரை இரவு தோறும் தானே நடந்து கொண்டிருக்கும். வழக்கம் என்று நாம் கூறுவது பெரும்பாலும் இந்த ஒற்றைச் சொல்லில்தான் குடியிருக்கிறது. "இது ஒவ்வோர் இரவுக்குமா, தேவைப்பட்டால் மட்டுமா? எத்தனை இரவுக்கு?" என்ற கேள்வியே பாதித் தீங்கைத் தடுத்துவிடும்.

மருந்தின் பெயரைக் கேட்கும்போது வியாபாரப் பெயரை அல்லாமல் அதன் பொதுப் பெயரைக் கேட்டு ஒரு துண்டுக் கடதாசியில் தமிழிலேயே எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில் உலாவுவதால் உண்டாகும் குழப்பத்தை நீக்கப் பாடுபட்டவர் நம் நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே ஆவார். 1971-இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் பின்னணியில் நின்ற அவரது கொள்கையின் பயனைச் சாதாரண மக்கள் அனுபவிக்கக் கூடிய இடம் இதுவே. கொட்டகலையிலிருந்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ நோயாளி மாற்றப்படும்போது, அந்தத் துண்டுக் கடதாசி அவரோடு செல்ல வேண்டும்.

ஆயினும், எல்லா இராக்குளிசையும் நித்திரைக் குளிசை அன்று. இதை அறியாமல் மறுப்பது உயிராபத்தாய் முடியலாம். வலிப்பு நோயாளர்க்கு இரவில் தரப்படும் பீனோபார்பிட்டோன் உறக்கம் வருவித்தாலும், அதன் வேலை வலிப்பைத் தடுப்பதே. அதை ஒரு வேளையும் விடலாகாது. நரம்பு நோவுக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலினும் இரவில்தான் தரப்படுகிறது. முதியவர் அதனால் குழம்பினால் டாக்டரிடம் கூற வேண்டும், தாமாக நிறுத்தலாகாது. நாள்தோறும் சாராயமோ கசிப்போ குடித்துப் பழகியவர் வாட்டில் சேர்ந்ததும் குடி திடீரென்று நின்று போகிறது. இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, வலிப்பு வந்து, இல்லாதவற்றைக் கண்டு அவர் பிதற்றக் கூடும். அவருக்குத் தரப்படும் டயசிபாமோ குளோர்டயசிபொக்சைட்டோ நித்திரைக்கு அன்று. அதுவே அந்த ஆபத்துக்குரிய மருந்து. குடிப்பழக்கத்தை மறைக்காமல் டாக்டரிடம் கூறுவதே அங்கே உறவினரின் கடமை. பல மாதமாக வீட்டிலேயே நித்திரைக் குளிசை உண்டு வந்தவரும் ஒரே இரவில் அதை நிறுத்தலாகாது. உடல் அதற்கு அடிமைப்பட்டிருக்கும், திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். வாரக் கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். இறுதிக் காலத்தில் கிடப்பவரின் தவிப்பைத் தணிக்கத் தரும் மருந்தும் வேறு கணக்கைச் சேர்ந்தது.

இளவயதினர் ஒருவருக்குச் சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவில் அச்சம் தணிய ஒரு குளிசை தருவதில் பெரிய கேடு இல்லை. நாம் தடுக்க முயல்வது அந்த ஓர் இரவை அன்று. யாருக்கு, எதற்கு, எத்தனை நாள் என்று கேளாமல் தொடரும் இரவுகளை.

அத்தொடர்ச்சி சில வேளைகளில் வாட்டோடும் முடிவதில்லை. நோயாளி வீடு திரும்பும் நாளில் மருந்துப் பையினுள் அதே வெள்ளைக் குளிசையும் சேர்ந்து வந்துவிடுகிறது. கிளினிக் கொப்பியில் ஒரு முறை ஏறிவிட்டால் மாதந்தோறும் அதுவும் தொடர்கிறது. சில வாரங்களில் அது இல்லாமல் உறங்க முடியாத நிலை வந்துவிடுகிறது. நமது மூதாட்டியின் மகள் பையைப் பிரித்து ஒவ்வொரு மருந்தும் எதற்கு என்று கேட்கிறார் என்று வைத்துக் கொள்வோம். நித்திரைக் குளிசையைக் காட்டி, "இது வாட்டில் மட்டும் கொடுத்ததா, வீட்டிலும் வேண்டுமா?" என்கிறார். டாக்டர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, "ஐந்து நாள்தான் உண்டிருக்கிறார், இனி வேண்டாம்" என்று அதை வெட்டிவிடுகிறார். ஆனால் அம்மா தெளிவடைய இன்னும் சில நாள் செல்லும். உடலில் தங்கிய மருந்தில் பாதி கழியவே மூன்று நாளாகும். அதுவரை இரவில் எழும்போது யாரேனும் ஒருவர் கைப்பிடித்துச் செல்ல வேண்டும். லயத்து வாசற்படியில் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும்.